சந்து வழியாகவா, வீட்டுக்குள் புகுந்தா: KOH ஸ்லைடில் பூஞ்சை இழையை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

லேபில் சேர்ந்த புதிதில் ஒரு தோல் சுரண்டல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு "பாசிட்டிவ், எங்கு பார்த்தாலும் இழைதான்" என்று எழுதினேன். வலை விரித்தாற்போல் ஸ்லைடு முழுக்கப் பளபளக்கும் கோடுகள். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மூத்த டெக்னீஷியன் அக்கா வந்து அரை நிமிடம் பார்த்தார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா, அது சந்து வழியா போகுதா, வீட்டுக்குள்ள புகுந்து போகுதா?"

மறுபடி பார்த்தேன். எல்லாக் கோடுகளும் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் போயின. ஒன்றுகூட எந்தச் செல்லையும் குறுக்கே கடக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன்.

KOH ஸ்லைடு பார்க்கப் பழகுகிறவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருக்கும். எடுத்துக்கொள்வது தட்டையான தோலில் வரும் படர்தாமரையை மட்டும். நகமும் முடியும் வேறு கதை.

KOH என்ன செய்கிறது

தோலின் மேலடுக்கில் இருப்பவை இறந்த, தட்டையான, கெரட்டின் நிறைந்த செல்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டி, பல அடுக்காகக் கிடக்கும். அப்படியே ஸ்லைடில் வைத்தால் அழுக்கு மஞ்சளாக ஒரு கட்டி தெரியும், அவ்வளவுதான். KOH, அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், அந்தக் கெரட்டினை மெல்லக் கரைத்து, செல்களுக்கு இடையிலான பிடிப்பையும் தளர்த்துகிறது. செதில் கண்ணாடி போலத் தெளிகிறது. பூஞ்சையின் சுவர் கைட்டினாலும் குளுக்கனாலும் ஆனது. அதை இந்தக் காரம் அவ்வளவு வேகமாகத் தொடுவதில்லை. ஆகவே சுற்றியிருப்பது கரையக் கரைய, இழை மட்டும் தனித்து நிற்கிறது.

பூஞ்சைக்கு நிறம் ஏற்றும் வேலை எதுவும் இங்கே நடப்பதில்லை. நிறமில்லாத ஒன்றைச் சுற்றியுள்ள திரையைத்தான் விலக்குகிறோம். விலக்கிய பிறகும் இழை நிறமற்றதாகவே இருக்கும். மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தைச் சரிசெய்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணமும் இதுதான்.

தோலுக்கு 10 சதவீதக் கரைசல் போதும். 10 கிராம் KOH உருண்டைகளை 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்குக் கணக்காக எடுத்து, நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் செய்ய வேண்டாம். கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடி வைக்க வேண்டும். காரம் கண்ணாடியை அரிக்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகவும் மாறும். பழைய பாட்டிலில் வேகம் குறைந்திருப்பதும், படிகங்கள் மிதப்பதும் அதனால்தான்.

எங்கே சுரண்டுவது

படர்தாமரை வட்டமாகப் பரவும்போது நடுப்பகுதி ஆறிக்கொண்டே போகும். பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில். சிவந்து, சற்றே உயர்ந்து, செதில் உதிரும் அந்த விளிம்பில்தான் சுரண்ட வேண்டும். நடுவில் சுரண்டினால் செல்கள் நிறையக் கிடைக்கும், இழை கிடைக்காமல் போகலாம். சிறு கொப்புளங்கள் இருந்தால் அவற்றின் மேல் தோலை வெட்டி எடுத்து, அதன் உட்பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

முதலில் இடத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலரவிட வேண்டும். களிம்பு, பவுடர், வியர்வை எல்லாம் போய்விடும். இதைச் சடங்காக நினைத்துச் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். களிம்பின் எண்ணெய்த் துளிகள் ஈஸ்ட் போலவும், பவுடரின் மாவுத் துகள்கள் வித்து போலவும் பிறகு கண்ணைக் குழப்பும்போதுதான் துடைக்காததன் வலி புரியும்.

பிளேடை, 15 எண் ஸ்கேல்பெல் பிளேடு வசதி, தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளிருந்து வெளிப்புறமாக ஓரத்தைத் தாண்டி இழுக்க வேண்டும். வெட்டுவதல்ல, வழிப்பது. இரத்தம் வரக் கூடாது. உதிரும் செதிலைக் கருப்புத் தாளில் பிடித்தால் எவ்வளவு கிடைத்தது என்று கண்ணுக்குத் தெரியும். மெல்லிய, தூள் போன்ற செதில்கள்தான் வேண்டும். பெரிய கெட்டித் துண்டு கிடைத்தால் அதைப் பிளேடாலேயே பொடியாக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடு தயாரிப்பு

சுத்தமான ஸ்லைடின் நடுவில் செதிலைப் பரப்பி, ஒரு துளி KOH விட்டு, கவர்ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். தடாலென்று போட்டால் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்ளும். துளி அதிகமாகிக் கவர்ஸ்லிப் மிதந்தால் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சிவிடுங்கள். வழிந்த காரம் ஆப்ஜெக்டிவ் லென்ஸில் பட்டால் லென்ஸ் கெடும். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பின் மேடையில் வைக்கும் முன் அடிப்பக்கத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இனி காத்திருத்தல். அறை வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம். உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கு இன்னும் அதிகம். அவசரமென்றால் ஸ்லைடைச் சிறு சுடரின் மேலே இரண்டு மூன்று முறை வேகமாக ஓட்டலாம். புறங்கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதித்துக் குமிழி வந்தால் காரம் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும், அந்த ஸ்லைடு போனது போனதுதான். எனக்குச் சுடரைவிடக் காத்திருப்பதே பிடிக்கும். ஈரமான பஞ்சு வைத்த மூடிய தட்டில் ஸ்லைடை வைத்தால் காயாது.

செதில் தெளிந்ததும் கவர்ஸ்லிப்பின் மேல் வடிதாளை மடித்து வைத்து, விரலால் மெல்ல அழுத்துங்கள். தளர்ந்த செல்கள் விலகி, ஒன்று இரண்டு அடுக்காகப் பரவும். இந்த அழுத்தம் கொடுக்காத ஸ்லைடில் செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். விளிம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, இல்லாத இழைகளை எல்லாம் காட்டும்.

வெளிச்சத்தைக் குறையுங்கள்

சாயமேற்றிய இரத்தப் படலம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் செய்யும் தவறு, முழு வெளிச்சத்தில் தேடுவது. நிறமற்ற இழை அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். கண்டென்சரைச் சற்றே கீழிறக்கி, ஐரிஸ் டயஃப்ரத்தைச் சுருக்க வேண்டும். காட்சி மங்கலாகும், ஆனால் ஒளியை வளைக்கும் எல்லாமே விளிம்பு கட்டி எழும்பும். எவ்வளவு சுருக்குவது? செல்களின் ஓரங்கள் மெல்லிய கோடாகத் தெளிவாகத் தெரியும் அளவு. அதற்கும் மேல் சுருக்கினால் எல்லாவற்றைச் சுற்றியும் கரும்பட்டை விழும். அப்போது தூசிகூட இழை போலத் தோன்றும்.

10x ஆப்ஜெக்டிவில் தொடங்குங்கள். 22 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப் என்றால், ஒரு காட்சிப் புலம் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பதின்மூன்று வரிசையில் முழுவதையும் முடித்துவிடலாம். 40x இல் அதே வேலைக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வரிசை வேண்டும், யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே 10x இல் உழுவது போல் வரிசை வரிசையாகத் தேடி, சந்தேகமானதை மட்டும் 40x இல் சோதிப்பதே முறை. ஃபைன் ஃபோகஸில் இருக்கும் விரல் நிற்கவே கூடாது. இழை ஒரே மட்டத்தில் கிடப்பதில்லை. ஃபோகஸை ஏற்றி இறக்கும்போதுதான் அது மின்னி மறையும், கண் அதைப் பிடிக்கும்.

உண்மையான இழை எப்படி இருக்கும்

படர்தாமரைப் பூஞ்சையின் இழை பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான் அகலம். தோல் மேலடுக்கின் ஒரு செல் ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரான். அளவுகோல் இல்லையென்றாலும் கவலை வேண்டாம், பக்கத்திலேயே செல் இருக்கிறது. அதன் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இழை இருக்க வேண்டும்.

அடுத்தது சீர்மை. இருபக்கச் சுவர்களும் இணைகோடுகளாக ஓடும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம். நடுவில் குறுக்குச்சுவர்கள் தெரியும், மூங்கிலின் கணு போல, ஆனால் புடைப்பு இல்லாமல். கிளை பிரிந்தால் கிளையும் தண்டின் அகலமே இருக்கும். சில இழைகள் குறுக்குச்சுவர்களில் துண்டாகி, ரயில் பெட்டிகள் போலச் சதுரமும் பீப்பாயுமாக வரிசை கட்டி நிற்கும். இவை ஆர்த்ரோகோனிடியா. இப்படி ஒரு வரிசை கிடைத்துவிட்டால் எனக்கு மனசில் சந்தேகமே இருக்காது. ஃபோகஸை அசைக்கும்போது இழைக்கு லேசான பச்சை சாயல் தெரிவதும் உண்டு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா கேட்ட கேள்வி. செல்கள் வீடுகள், அவற்றின் இடைவெளி சந்துகள். பூஞ்சைக்கு அந்தத் தெருவமைப்பைப் பற்றிக் கவலை இல்லை. அது கெரட்டினைத் தின்று வளர்வது, எங்கே வேண்டுமோ அங்கே போகும். ஆகவே உண்மையான இழை ஒரு செல்லின் மேல் நுழைந்து, எல்லையைக் கடந்து, அடுத்த செல்லையும் தாண்டி, தன் போக்கில் வளைந்து செல்லும்.

மொசைக்: சந்து வழியே போகும் போலி

நான் அன்று ஏமாந்தது இதில்தான். ஒருகாலத்தில் இதை உண்மையான பூஞ்சை என்றே நினைத்து "மொசைக் பூஞ்சை" என்று பெயர் வைத்திருந்தார்கள், ஆகையால் நம் தவறு அவ்வளவு வெட்கப்படக் கூடியதல்ல. செல்களின் ஓரங்களில் படியும், கொலஸ்ட்ரால் சார்ந்ததாகக் கருதப்படும் பொருள், ஒளியை வளைத்து இழை போல மினுங்குகிறது.

இதைப் பிரித்தறிய ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அதன் கூடவே நடந்து பாருங்கள். மொசைக் கோடு செல்லின் மூலை வந்ததும் சடக்கென்று திரும்பும், ஐங்கோணமோ அறுகோணமோ வரைந்துவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இழை அப்படி மூடிய வட்டம் போடுவதில்லை. மொசைக்கின் அகலம் ஓரிடத்தில் தடித்து, அடுத்த இடத்தில் மெலிந்து, நடுவில் விட்டு விட்டு இருக்கும். உள்ளே எதுவும் இருக்காது, குறுக்குச்சுவரும் இல்லை, இரட்டைக் கோடாகத் தெரியும் சுவரும் இல்லை.

இன்னும் சந்தேகமா? அப்படியே வைத்துவிட்டு மேலும் 15 நிமிடம் காத்திருந்து, கவர்ஸ்லிப்பை மறுபடி மெல்ல அழுத்துங்கள். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது சந்தே காணாமல் போகும், அதனுடன் மொசைக் வலையும் உடைந்து மங்கும். இழை இருந்தால் அது இருந்த இடத்தில் இன்னும் பளிச்சென்று நிற்கும். நேரமாக ஆகத் தெளிவது பூஞ்சை, நேரமாக ஆக அழிவது மொசைக்.

மற்ற போலிகள்

பருத்தி நூல் அகலமானது, நாடா போலத் தட்டையாக முறுக்கிக் கிடக்கும், முனை பிசிறியிருக்கும், கிளை விடாது. காற்றுக் குமிழிக்குக் கரிய, தடித்த விளிம்பு. எண்ணெய்த் துளிகள் பல அளவுகளில் இருக்கும். ஈஸ்ட் செல்கள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும், அங்கங்கே மொட்டும் தெரியும். ஸ்லைடின் கீறல் நேர்கோடு, செல்கள் இருக்கும் மட்டத்தில் ஃபோகஸ் ஆகாது. பழுப்பு நிறத்தில் தடித்த இழைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து விழுந்த பூஞ்சை. ஒரு செதிலிலும் பதிந்திராமல் தனியாக மிதக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் கரைசலின் மேலேயே என்றால், செதில் இல்லாமல் வெறும் KOH துளியை மட்டும் கவர்ஸ்லிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஸ்லைடைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்

முன்கையில் நான்கு சென்டிமீட்டர் வட்டம், மூன்று வாரமாக அரிப்பு. முதல் ஸ்லைடு வட்டத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது. பத்தே நிமிடத்தில் பார்த்தேன். 10x இல் செதில்கள் இன்னும் மஞ்சளாக, மேல் மேலாகக் கிடந்தன, அவற்றுக்குள் பளபளக்கும் வலை. 40x இல் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தேன். மூன்று மூலை திரும்பி, ஒரு செல்லைச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. பக்கத்துக் கோடும் அப்படியே. மொசைக் என்று ஒதுக்கினேன். ஸ்லைடை ஈரத் தட்டில் வைத்துவிட்டு, ஓரத்திலிருந்து புதிதாகச் சுரண்டச் சொன்னேன்.

இரண்டாவது ஸ்லைடு 20 நிமிடம் ஊறி, அழுத்தப்பட்டு வந்தது. முதல் ஐந்து வரிசையில் ஒன்றுமில்லை. ஆறாவது வரிசையில், ஒரு செதிலின் விளிம்பில், ஃபோகஸை அசைக்கும்போது ஒரு கோடு மின்னியது. 40x இல் பார்த்தால் ஏறத்தாழ செல்லின் பத்தில் ஒரு பங்கு அகலம், இரண்டு இணையான சுவர். அதைப் பின்தொடர்ந்தேன். முதல் செல்லின் நடுவே ஓடி, எல்லையைத் தாண்டியது, இரண்டாவது, மூன்றாவது செல்லையும் கடந்தது. நான்காவதில் ஒரு கிளை, அதே அகலம். எண்ணியதில் மூன்று குறுக்குச்சுவர்கள். கிளையின் நுனியில் நாலைந்து பெட்டிகள் வரிசையாக.

அப்புறம் முதல் ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வலையில் பெரும்பகுதி உடைந்து போயிருந்தது. புதிதாக எந்த இழையும் தெரியவில்லை. ஒரே வட்டம், ஓரத்தில் பூஞ்சை, நடுவில் இல்லை. முதல் ஸ்லைடோடு நிறுத்தியிருந்தால் ஒன்று மொசைக்கைப் பார்த்து பாசிட்டிவ் என்றிருப்பேன், அல்லது நெகட்டிவ் என்று அனுப்பியிருப்பேன். முதலாவதில் விடை தற்செயலாகச் சரியாக இருந்திருக்கும், காரணம் தவறு. அது இன்னும் மோசம், ஏனென்றால் அடுத்த எக்ஸிமா நோயாளியிடமும் அதே வலையைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருப்பேன்.

இழை இருக்கிறது, ஆனால் படர்தாமரை இல்லை

இழையைப் பார்த்த உடனே படர்தாமரை என்று எழுதிவிடக் கூடாது. கேண்டிடாவில் மொட்டு விடும் ஈஸ்ட் செல்கள் கூடவே இருக்கும். அதன் போலி இழைகள் இணைப்பு வரும் இடங்களில் இடுங்கி, கோத்த மணி போலத் தெரியும். தேமலில் கொத்துக் கொத்தாக உருண்டை ஈஸ்ட்கள், அவற்றைச் சுற்றிக் குட்டையான, வளைந்த, மொட்டையான இழைத் துண்டுகள். படர்தாமரையின் நீண்டு செல்லும் கிளைத்த இழை அங்கே இருக்காது. இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பம் பெரிதாக வராது.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "குறுக்குச்சுவருள்ள, கிளைத்த, நிறமற்ற பூஞ்சை இழைகள் காணப்பட்டன." ஆர்த்ரோகோனிடியா இருந்தால் அதையும் சேர்க்கலாம். ட்ரைக்கோஃபைட்டானா மைக்ரோஸ்போரமா என்று KOH சொல்லாது. அது கல்ச்சரின் வேலை, அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

உயிருள்ள இழையா, மருந்தில் செத்த இழையா என்றும் இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. இரண்டுக்கும் சுவர் ஒன்றுதான். சிகிச்சை முடியும் தறுவாயில் ஓரிரு இழைகள் தெரிந்தால், அது மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. நோயாளி எந்தக் களிம்பை எப்போது நிறுத்தினார் என்பதைக் கேட்டுக் குறித்து அனுப்பினால் மருத்துவருக்கு உதவும்.

மறுபக்கம், "காணப்படவில்லை" என்பதற்கு "இல்லை" என்று பொருள் கொள்ள முடியாது. ஏற்கனவே பூஞ்சைக் களிம்பு பூசியவரிடம் இழைகள் குறைந்திருக்கும். தவறான இடத்தில் சுரண்டியிருக்கலாம், செதில் போதாமல் இருந்திருக்கலாம். பார்த்தால் படர்தாமரை போலவே இருக்கிறது, ஸ்லைடு மட்டும் நெகட்டிவ் என்றால், ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து மறுபடி சுரண்டி, கொஞ்சம் செதிலைக் கல்ச்சருக்கும் ஒதுக்குங்கள். அந்தச் செதிலில் KOH படக் கூடாது, காரம் பட்டால் பூஞ்சை வளராது. உலர்ந்த தாளில் மடித்து வைத்தாலே போதும்.